பொட்டல உணவில் தேதியும் தொகுதி எண்ணும்

பெங்களூரு நகரின் மளிகைக் கடை ஒன்றில் அன்றாடம் விற்பனையாகும் மூன்று பண்டங்களை எடுத்துக்கொள்ளலாம். முதலாவது, பதப்படுத்திய பால் உறை. இரண்டாவது, இட்லி தோசைக்கென அரைத்துப் புளிக்க வைத்த ஈரமாவுப் பொட்டலம். மூன்றாவது, ரவை இட்லி செய்வதற்கான உலர் மாவுக் கலவை. மூன்றின் மீதும் ஒரு தயாரிப்புத் தேதியும், ஒரு எல்லைத் தேதியும், பெரும்பாலும் எண்ணும் எழுத்தும் கலந்த ஒரு குறியீடும் அச்சாகியிருக்கின்றன. மூன்றும் ஒரே விதமாக அச்சிடப்பட்டிருப்பதால் அவை ஒரே பொருளைத்தான் தெரிவிக்கின்றன என்று வாங்குவோர் எண்ணுவது இயல்பு. ஆனால் பால் உறையின் எல்லைத் தேதி கூறுவது ஒன்று. உலர் மாவின் எல்லைத் தேதி கூறுவது வேறொன்று. அவற்றின் அருகிலுள்ள குறியீடோ தேதிகளால் சொல்ல இயலாத மூன்றாவது செய்தியைத் தாங்கி நிற்கிறது.

இருவகை எல்லைகள்

எல்லைத் தேதிகள் இருவகைப்படும். ‘பெஸ்ட் பிஃபோர்’ என்று அச்சிடப்படுவது தர எல்லை. உறையில் குறித்தபடி பாதுகாத்து வைத்தால், அந்நாள் வரை பண்டம் தனக்குரிய சுவை, மணம், பதம் ஆகியவற்றைக் குறைவின்றிப் பெற்றிருக்கும் என்பது தயாரிப்பாளர் தரும் வாக்கு. அந்நாள் கடந்தபின் தரம் சற்றுக் குறையலாம். ஆயினும் பண்டம் உண்ணத் தக்கதாகவே இருக்கக்கூடும். ‘யூஸ் பை’ அல்லது ‘எக்ஸ்பைரி’ என்று அச்சிடப்படுவது பயன்பாட்டு எல்லை. அந்நாளுக்குப் பின் பண்டத்தின் பாதுகாப்புக்கு உறுதி இல்லை. அதனை விற்கவும் கூடாது.

ஐரோப்பிய ஒன்றியம் 2011-ஆம் ஆண்டின் 1169-ஆம் எண் ஒழுங்குவிதியில் இப்பாகுபாட்டைத் தெளிவாக வகுத்துள்ளது. நுண்ணுயிர்களால் விரைவில் கெட்டு, குறுகிய காலத்தில் உடல்நலத்துக்குத் தீங்கு விளைவிக்கக்கூடிய பண்டங்களுக்குப் பயன்பாட்டு எல்லை; ஏனையவற்றுக்குத் தர எல்லை. பயன்பாட்டு எல்லை கடந்த பண்டம் அங்கே பாதுகாப்பற்றதாகவே கருதப்படும். உலக அளவில் உணவுத் தர நெறிகளை வகுக்கும் கோடெக்ஸ் அமைப்பும் 2018-இல் தனது முகப்புச்சீட்டு நெறியைத் திருத்தியபோது, தரத்துக்கு ஒரு தேதி, பாதுகாப்புக்கு ஒரு தேதி என்ற இதே பிரிவைத்தான் வலியுறுத்தியது.

இந்தியாவில் நிலைமை வேறுவிதமாக வளர்ந்தது. 2011-ஆம் ஆண்டின் பொட்டலமிடல், முகப்புச்சீட்டு ஒழுங்குவிதிகளின் கீழ் ஏறத்தாழ எல்லாப் பண்டங்களுக்கும் தர எல்லையே அச்சிடப்பட்டது. ‘தயாரித்த நாளிலிருந்து இத்தனை மாதங்களுக்குள்’ என்று அச்சிட்டு, கணக்கிடும் பொறுப்பை வாங்குவோரிடமே விட்டுவிடவும் அவ்விதிகள் இடமளித்தன. ரொட்டி, தோக்ளா, பேல்பூரி, பீட்ஸா, பன்னீர் என ஒரு நீண்ட பட்டியலைத் தந்து, குறுகிய ஆயுள் கொண்ட இவற்றுக்கும் தர எல்லை என்ற சொல்லையே விதி வழங்கியது. தென்னாட்டு இட்லி மாவு அப்பட்டியலை வகுத்தோரின் கண்ணில் படவில்லை போலும்! பயன்பாட்டு எல்லை என்ற கடுமையான சொல், குழந்தைகளுக்கான பால்மாற்று உணவு, குழந்தை உணவு, அஸ்பார்டேம் என்னும் செயற்கை இனிப்பு போன்ற மிகச் சிலவற்றுக்கே ஒதுக்கப்பட்டிருந்தது.

2020-ஆம் ஆண்டின் முகப்புச்சீட்டு, காட்சிப்படுத்தல் ஒழுங்குவிதிகள் இம்முறையைத் தலைகீழாக்கின. 2022 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த இவ்விதிகளின்படி, தயாரித்த அல்லது பொட்டலமிட்ட தேதியும் பயன்பாட்டு எல்லையும் கட்டாயமாக அச்சிடப்பட வேண்டும். தர எல்லையைக் கூடுதல் தகவலாக, விரும்பினால் சேர்த்துக்கொள்ளலாம். ஆயுள் மூன்று மாதத்துக்கு உட்பட்ட பண்டத்துக்கு நாள், மாதம், ஆண்டு மூன்றும் வேண்டும். அதற்கு மேற்பட்டவற்றுக்கு மாதமும் ஆண்டும் போதும். உரிக்காத, நறுக்காத பழம், காய்கறி, வினிகர், சர்க்கரை போன்ற சிலவற்றுக்கு எல்லைத் தேதியே தேவையில்லை.

ஆகவே, வெளிநாட்டுப் பாடநூலைப் படித்துவிட்டு ‘தர எல்லை கடந்ததை விற்கலாம், பயன்பாட்டு எல்லை கடந்ததை விற்கக் கூடாது’ என்று ஒரு மாணவர் தேர்வில் எழுதினால், அது ஐரோப்பாவுக்குப் பொருந்தும். இன்றைய இந்தியக் கடைக்குப் பொருந்தாது. இங்கே எல்லாப் பண்டத்துக்கும் பயன்பாட்டு எல்லை உண்டு. அது கடந்தபின் எதையும் விற்க இயலாது. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு, தரநிலைகள் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, எல்லைத் தேதிக்குப் பின் வழங்கிய மொத்த வணிகரையும் விற்ற கடைக்காரரையும் பொறுப்பாக்குகிறது. விதி எளிமையாயிற்று, கடைக்காரர் குழம்ப இடமில்லை. இதற்கு ஒரு விலையும் உண்டு. ஊறிப்போன பிஸ்கோத்தும் நச்சுப்பட்ட பாலும் முகப்புச்சீட்டில் ஒரே சொல்லால் குறிக்கப்படுகின்றன. எந்தத் தேதி உண்மையில் பாதுகாப்பைக் குறிக்கிறது, எது தரத்தை மட்டும் குறிக்கிறது என்பதை இனிப் பண்டத்தின் தன்மையைக் கொண்டே அறிய வேண்டும்.

பண்டம் கெடும் வழி

பாலைப் பதப்படுத்தும்போது 72 பாகை செல்சியஸில் 15 விநாடி சூடாக்குகின்றனர். நோய்க்கிருமிகளை அழிக்க இது போதும். பாலில் உள்ள எல்லா நுண்ணுயிர்களையும் அழிக்கப் போதாது. வெப்பம் தாங்கும் சில எஞ்சி நிற்கும். உறையில் நிரப்பும்போது சில புதிதாக நுழையவும் கூடும். குளிர்நிலை இவற்றின் பெருக்கத்தைத் தாமதப்படுத்துமே அன்றி நிறுத்தாது. லிஸ்டீரியா என்னும் கிருமி குளிர்ப்பெட்டியின் 4 பாகையிலும் மெல்லப் பெருகவல்லது. அது பெருகியிருப்பதை நாவோ மூக்கோ அறிவிக்காது. பால் திரிந்தால் கண்ணுக்குத் தெரியும். ஆனால் திரியாத பால் தீங்கற்றது என்பதற்கு அது சான்றாகாது. இத்தகைய பண்டத்தில்தான் பயன்பாட்டு எல்லை முழுப்பொருளுடன் நிற்கிறது. குளிர்நிலை தவறிய பால் உறைக்கு அச்சிட்ட தேதியும் பொருந்தாது. தேதி எப்போதும் ‘இந்நிலையில் வைத்தால்’ என்ற நிபந்தனையுடன் இணைந்தது.

ஈரமாவின் கதை சற்று நுட்பமானது. அரிசியும் உளுந்தும் சேர்ந்த மாவில் லாக்டிக் அமிலம் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் பெருகி, மாவைப் புளிக்கச் செய்து, வாயுவை வெளியிடுகின்றன. அந்த அமிலமே வேறு பல தீய கிருமிகள் தலையெடுக்காதபடி காவல் நிற்கிறது. பொட்டலத்துக்குள் இவ்வினை தொடர்ந்து நடக்கிறது. குளிர் அதனை மந்தமாக்குகிறது, அவ்வளவே. பிற்பகல் வெயிலில் இரண்டு மணி நேரம் வண்டியில் பயணம் செய்த மாவு, குளிர்ப்பெட்டியில் இரண்டு நாள் பெறும் புளிப்பைவிட அதிகமாகப் பெற்றுவிடலாம். பொட்டலம் உப்பியிருப்பது இங்கே தன்னளவில் கெட்டதன் அடையாளம் அன்று. மாவு உயிரோடு இருப்பதன் அடையாளம். ஆனால் மேலே நிறம் மாறிய புள்ளிகளோ, பூசணமோ, புளிப்பைத் தவிர்த்த அழுகல் வாடையோ தென்பட்டால், தேதி எஞ்சியிருப்பினும் விலக்கிவிட வேண்டும். மாவின் எல்லைத் தேதி பெருமளவுக்குப் புளிப்பின் அளவைப் பற்றியதே. ஓரளவுக்குத்தான் பாதுகாப்பைப் பற்றியது.

ரவை இட்லிக் கலவையோ உலர்ந்தது. கிருமிகள் பெருகத் தேவையான ஈரம் அதில் இல்லை. அது வேறு இரு வழிகளில் தளர்கிறது. முந்திரி, நெய், தாளிப்பு எண்ணெய் ஆகியவற்றின் கொழுப்பு காற்றிலுள்ள ஆக்ஸிஜனுடன் சேர்ந்து காறல் வாடையைத் தருகிறது. உறையின் வழியே மெல்லப் புகும் நீராவி, சோடா உப்பையும் புளிப்புப் பொருளையும் முன்கூட்டியே வினைபுரியச் செய்கிறது. அதன் பின் இட்லி எழும்பாது. இரண்டும் உண்பவரை நோயில் தள்ளுபவை அல்ல, ஏமாற்றம் தருபவை. இக்கலவையின் எல்லைத் தேதி பெயரளவில் பயன்பாட்டு எல்லை. உள்ளடக்கத்தில் தர எல்லை.

எல்லைத் தேதி எவ்வாறு பிறக்கிறது

நான்கு மாத ஆயுள் கொண்ட பண்டத்தை நான்கு மாதம் வைத்துப் பார்த்துத்தான் தேதி குறிக்க வேண்டும் என்றால் புதிய பண்டம் எதுவும் எளிதில் சந்தைக்கு வராது. எனவே ஆய்வகங்கள் காலத்தைச் சுருக்கும் வழியை நாடுகின்றன. பெங்களூருவிலிருந்து சற்றேறக்குறைய 145 கிலோமீட்டர் தொலைவில், மைசூருவில் 1950-இல் தொடங்கப்பட்ட மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தின் ஆய்வுகளில் இரண்டு வகைச் சேமிப்பு நிலைகள் அடிக்கடி இடம்பெறும். ஒன்று, 27 பாகை வெப்பமும் 65 விழுக்காடு ஒப்பு ஈரப்பதமும் கொண்ட இயல்பு நிலை. மற்றொன்று, 38 பாகையும் 92 விழுக்காடும் கொண்ட விரைவு நிலை. பொட்டலங்களை இரண்டிலும் வைத்து, குறித்த இடைவெளிகளில் ஈரம், கொழுப்பின் காறல் அளவு, சுவை ஆகியவற்றைச் சோதிக்கின்றனர்.

ஓர் எடுத்துக்காட்டால் கணக்கு விளங்கும். இதன் எண்கள் விளக்கத்துக்காகக் கொள்ளப்பட்டவை. உலர் கலவை ஒன்று 38 பாகையில் 10 வாரத்தில் காறல் கண்டு சுவைக் குழுவினரால் தள்ளப்படுகிறது என்க. வெப்பம் 10 பாகை குறைந்தால் காறும் வேகம் பாதியாகும் என்று சோதனையில் தெரிகிறது என்றும் கொள்க. 27 பாகைக்கும் 38 பாகைக்கும் வேறுபாடு 11. ஆகவே 27 பாகையில் ஆயுள் 10 வாரத்தின் ஏறத்தாழ 2.14 மடங்கு, அதாவது 21 வாரத்துக்குச் சற்று மேல். பாதுகாப்பான இடைவெளி விட்டுத் தயாரிப்பாளர் 4 மாதம் என்று அச்சிடுவார்.

கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் அமைந்த பெங்களூருவின் மிதமான வெப்பநிலையில் இந்த வாக்கு காப்பாற்றப்படும். அதே பொட்டலம் கோடையில் தகரக் கூரையின் கீழுள்ள ஒரு கிடங்குக்குச் செல்கிறது. அங்கே சராசரி வெப்பம் 33 பாகை. 27 பாகையைவிட 6 பாகை அதிகம் என்பதால் ஆயுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்காகிவிடும். 21 வாரம் 14 வாரமாகச் சுருங்கும். அச்சிட்ட நான்கு மாதத்தில் கடைசி மூன்று வாரத்துக்கு வாக்கு பொய்த்துப் போகிறது. தேதியை யாரும் திருத்தவில்லை, ஆனாலும் தேதி தவறாகிவிட்டது. இதனால்தான் பொறுப்புள்ள தயாரிப்பாளர் தமது ஊரின் தட்பவெப்பத்தைக் கொண்டு தேதி குறிப்பதில்லை. பண்டம் சென்றடையும் இடங்களிலேயே வெப்பம் மிகுந்த இடத்தைக் கொண்டு குறிக்கிறார். உறையைப் பிரித்த பின் இக்கணக்கு எதுவும் செல்லாது என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். பிரித்த கணமே காற்றும் ஈரமும் தடையின்றிப் புகுகின்றன; அச்சிட்ட தேதி மூடிய பொட்டலத்துக்கு மட்டுமே உரியது.

தொகுதி எண்: எப்போது என்பதன்று, எது என்பது

மேற்கண்ட கணக்கு முழுவதும் ஒரு பொதுக் கணக்கு. செய்முறை சரியாக நடந்த எல்லாப் பொட்டலங்களுக்கும் அது பொதுவானது. குறிப்பிட்ட ஒரு நாளில் சூடாக்கும் கருவி பழுதுபட்டாலோ, ஒரு மூட்டை முந்திரியில் பூசண நச்சு இருந்தாலோ, தேதி அதனை அறியாது. அந்த இடத்தில் பேசுவது தொகுதி எண் எனப்படும் பேட்ச் எண்தான். ஒரே நிலைமைகளில் தயாரான பொட்டலங்களின் கூட்டத்தை மற்றக் கூட்டங்களிலிருந்து பிரித்துக் காட்டி, உற்பத்தியிலும் வினியோகத்திலும் அதைப் பின்தொடர வழி செய்வது அதன் பணி.

எண்ணை அமைக்கும் முறை தயாரிப்பாளரின் விருப்பம். பலவகை வழக்கங்கள் உள்ளன. பரவலான ஒரு முறையை ஒரு கற்பனைக் குறியீட்டால் விளக்கலாம்:

```
25137 B2 14:20
```

முதல் இரண்டு எண்கள் 2025-ஆம் ஆண்டைக் குறிக்கின்றன. அடுத்த மூன்று, ஆண்டின் 137-ஆம் நாள்; ஜனவரி முதல் ஏப்ரல் வரை 120 நாள் போக, எஞ்சிய 17 சேர்ந்து மே 17 ஆகிறது. எழுத்தும் அதையடுத்த எண்ணும் தொழிற்சாலைப் பிரிவையும் நிரப்பும் இயந்திரத்தையும் காட்டுகின்றன. கடைசியில் உள்ளது நிரப்பிய நேரம்.

தொகுதியை எவ்வளவு பெரிதாக வகுப்பது என்பது ஒரு பொருளாதாரத் தீர்வு. நாளொன்றுக்கு 20 டன் கலவையை 200 கிராம் பொட்டலங்களாக நிரப்பும் தொழிற்சாலை, முழு நாளுக்கும் ஒரே எண் இட்டால், ஒரு குறை தெரிந்தவுடன் ஒரு லட்சம் பொட்டலங்களைத் திரும்பப் பெற வேண்டும். 500 கிலோ கொள்ளளவுள்ள கலவை இயந்திரம் ஒருமுறை சுழன்று நிற்பதையே ஒரு தொகுதியாகக் கொண்டால், திரும்பப் பெற வேண்டியது 2,500 பொட்டலங்கள் மட்டுமே. ஆனால் அதற்கு ஒவ்வொரு சுழற்சிக்கும் எந்த மூட்டை ரவை, எந்தப் பெட்டி முந்திரி சென்றது என்ற பதிவேடு வேண்டும். அப்பதிவேடு இல்லாமல் எண்ணை மட்டும் நுணுக்கமாக அச்சிட்டுப் பயனில்லை. கெட்ட முந்திரி எந்தெந்தத் தொகுதிகளில் கலந்தது என்று தெரியாவிட்டால், நாற்பது தொகுதிகளையும் ஒரு சேரத் திரும்பப் பெற நேரிடும்.

ஒரு தொகுதியின் வழக்கு

தேதியும் தொகுதி எண்ணும் ஒன்றையொன்று சந்திக்கும் இடத்தை 2015-ஆம் ஆண்டின் மேகி நூடுல்ஸ் வழக்கு நன்கு காட்டுகிறது. அப்பண்டத்தின் தொழிற்சாலைகளில் ஒன்று மைசூரு மாவட்டத்து நஞ்சன்கூட்டில் அமைந்திருப்பதால் கர்நாடகத்துக்கும் இவ்வழக்கில் நேரடித் தொடர்பு உண்டு.

உத்தரப்பிரதேசத்தின் பாராபங்கியில் 2014-இல் எடுக்கப்பட்ட மாதிரி முதலில் கோரக்பூரிலும், பின்னர் கொல்கத்தாவிலுள்ள மேல் ஆய்வகத்திலும் சோதிக்கப்பட்டது. காரீயம் பத்து லட்சத்தில் 17.2 பங்கு இருப்பதாக அறிக்கை வந்தது. அனுமதிக்கப்பட்ட அளவு 2.5 பங்கு. 2015 ஏப்ரல் இறுதியில் அம்மாநில அதிகாரிகள் அந்தத் தொகுதியைத் திரும்பப் பெற ஆணையிட்டனர். அத்தொகுதி 2014 பிப்ரவரியில் தயாரானது; ஏறத்தாழ 2 லட்சம் பொட்டலங்கள் கொண்டது; அதன் தர எல்லை 2014 நவம்பர். அதாவது ஆணை வந்தபோது தேதி முடிந்து ஐந்து மாதங்கள் கடந்திருந்தன. அத்தொகுதி சந்தையில் இல்லை என்று நிறுவனம் தெரிவித்தது. எண் சரியாகவே இருந்தது. ஆனால் அது சுட்டிய பொட்டலங்கள் ஏற்கனவே உண்ணப்பட்டோ கழிக்கப்பட்டோ போயிருந்தன.

இங்கே இரண்டு செய்திகள் கவனத்துக்குரியன. முதலாவது, காரீயம் நாள்பட்டுப் பெருகும் பொருளன்று. அது இருக்குமாயின், தயாரித்த முதல் நாளும் இருக்கும்; கடைசி நாளும் இருக்கும். அதைப் பற்றி எல்லைத் தேதி எதுவும் கூற இயலாது. இரண்டாவது, ஒரு தொகுதியில் கண்ட முடிவு அத்தொகுதிக்கே உரியது. பிற தொகுதிகளைப் பற்றிக் கூற வேண்டுமானால் பிற தொகுதிகளையும் சோதிக்க வேண்டும். 2015 ஜூன் 5-ஆம் நாள் மைய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்நூடுல்ஸின் ஒன்பது வகைகளையும் நாடு முழுவதும் திரும்பப் பெற ஆணையிட்டது. மும்பை உயர் நீதிமன்றம் 2015 ஆகஸ்ட் 13-ஆம் நாள் அவ்வாணையை நீக்கியது. சோதனை செய்த ஆய்வகங்களின் அங்கீகாரத்தையும், நிறுவனத்தின் தரப்பைக் கேட்காமல் ஆணையிட்டதையும் நீதிமன்றம் குறையாகக் கண்டது. மறுசோதனைக்கு அது விதித்த முறை தொகுதியையே அலகாகக் கொண்டது: ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் ஐந்து மாதிரிகள், ஹைதராபாத், மொகாலி, ஜெய்ப்பூர் ஆகிய மூன்று நகரங்களின் அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகங்களில். அம்மாதிரிகளில் காரீயம் வரம்புக்குள் இருப்பதாக 2015 அக்டோபரில் முடிவு வந்தது. அதன்பின் மீண்டும் உற்பத்தி தொடங்கிய தொழிற்சாலைகளுள் நஞ்சன்கூடும் ஒன்று.

இரு தரப்பில் எது சரி என்பதைவிட, கால அளவே நிர்வாகத்தினருக்கு அதிகப் பாடம் தருவது. இச்சட்டத்தின் 46-ஆம் பிரிவு, மாதிரி கிடைத்த 14 நாளுக்குள் உணவுப் பகுப்பாய்வாளர் அறிக்கை தர வேண்டும் என்கிறது. ஒன்பது மாத ஆயுள் கொண்ட பண்டத்துக்கு 14 நாள் சிறிய கால அளவு. ஏழு நாள் ஆயுள் கொண்ட ஈரமாவுக்கோ, அறிக்கை வரும்போது அத்தொகுதியில் ஒரு பொட்டலமும் எஞ்சியிராது. அத்தகைய பண்டத்தில் தொகுதி எண், பண்டத்தைத் திரும்பப் பெறப் பயன்படுவதில்லை. எந்தச் செய்முறையில் குறை நேர்ந்தது, யார் பொறுப்பு என்று கண்டறியவே பயன்படுகிறது. விரைவில் கெடும் பண்டங்களுக்குத் தொழிற்சாலையின் உள்ளேயே செய்யும் வெப்பநிலைக் கண்காணிப்புத்தான் உண்மையான காவல்.

மாற்றி அச்சிடும் மோசடி

எல்லை கடந்த பண்டத்தின் மதிப்பு ஒரே நாளில் பூச்சியமாகிவிடுவதால், தேதியை மாற்றும் ஆசை எழுகிறது. பொட்டலத்தின் மீது மைப்புள்ளிகளால் அச்சிடும் தேதியைக் கரைப்பான் கொண்டு துடைத்துவிட்டு, புதிய தேதியை அச்சிடுகின்றனர். சில இடங்களில் பழைய தேதியின் மேல் ஒட்டுச்சீட்டு வைக்கின்றனர். இவற்றைக் கண்டுபிடிக்க ஆய்வாளருக்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை. உறையின் பளபளப்பு தேதி உள்ள இடத்தில் மட்டும் மங்கியிருக்கும். புதிய எழுத்தின் புள்ளியமைப்பு, அருகிலுள்ள விலை எழுத்தின் புள்ளியமைப்போடு ஒத்திராது. பொட்டலத்தின் தேதி, அது வந்த அட்டைப்பெட்டியின் தேதியோடு முரண்படும்.

மோசடி செய்வோர் பெரும்பாலும் மறந்துவிடுவது தொகுதி எண்ணைத்தான். மேலே கண்ட குறியீட்டில் 137 என்று இருக்க, தயாரிப்புத் தேதி ஆகஸ்ட் 17 என்று அச்சாகியிருந்தால் ஐயம் கொள்ளலாம். ஆகஸ்ட் 17 ஆண்டின் 229-ஆம் நாள் ஆகும். ஆனால் இதனை முடிவான சான்றாகக் கொள்ளலாகாது. நாளைக் குறிக்காமல் வரிசை எண்ணை மட்டும் இடும் நிறுவனங்களும் உள்ளன. முரண்பாடு கண்டால் தயாரிப்பாளரின் பதிவேட்டோடு ஒப்பிட்ட பின்பே முடிவு காண வேண்டும்.

கடையிலும் வீட்டிலும்

எல்லைத் தேதி நெருங்கிய பண்டம் வீட்டு வாசலுக்கு வந்து சேர்வதும் பெங்களூரு போன்ற நகரங்களில் இன்று ஒரு கேள்வியாகிவிட்டது. நேரில் எடுத்துப் பார்த்து வாங்கும் வாய்ப்பு இணைய வழி வாங்குவோருக்கு இல்லை. 2024 நவம்பரில் மைய உணவுப் பாதுகாப்பு ஆணையம், இணைய வணிகர்கள் ஒப்படைக்கும் பண்டத்தில் மொத்த ஆயுளின் 30 விழுக்காடு அல்லது 45 நாள் எஞ்சியிருக்க வேண்டும் என அறிவுறுத்தியது. நான்கு மாதக் கலவைக்கு 30 விழுக்காடு என்பது ஒரு மாதத்துக்குச் சற்று மேல். ஏழு நாள் மாவுக்கு 45 நாள் என்பது பொருளற்றது. 30 விழுக்காடு என்பது இரண்டு நாள். பண்டத்துக்குப் பண்டம் இக்கணக்கைச் செய்து பார்த்தால்தான் விதி எவ்வளவு தளர்வானது, எவ்வளவு இறுக்கமானது என்பது தெரியும்.

வீட்டில் நிலைமை வேறு. விற்பனையைச் சட்டம் தடுக்கிறது. வீட்டில் இருப்பதை உண்பதா விலக்குவதா என்பது குடும்பத்தின் முடிவு. எல்லை நாள் கடந்த பாலையும், குழந்தை உணவையும், குளிர்நிலையில் வைக்க வேண்டிய சமைத்த பண்டங்களையும் முகர்ந்து பார்த்துத் தீர்மானிப்பது ஆபத்து, விலக்குவதே முறை. எல்லை நாள் கடந்து பத்து நாளான, பிரிக்காத உலர் கலவையில் காறல் வாடையோ, வண்டோ, ஈரக் கட்டியோ இல்லையெனில் அதனால் நேரக்கூடியது எழும்பாத இட்லி மட்டுமே.

கடைத்தெருவில் பார்க்குமிடத்து, தொகுதி எண்ணின் பயணம் பெரும்பாலும் மொத்த வணிகரோடு நின்றுவிடுகிறது. தொழிற்சாலை மொத்த வணிகருக்குத் தரும் விலைப்பட்டியலில் தொகுதி எண் இருக்கும். அவர் சிறு கடைக்கு எழுதும் பட்டியலில் பண்டத்தின் பெயர், எண்ணிக்கை, விலை ஆகிய மூன்றே இருக்கும். திரும்பப் பெறும் ஆணை வந்தால், எந்தக் கடைக்கு எந்தத் தொகுதி சென்றது என்று அவரால் சொல்ல இயலாது. ஒவ்வொரு கடைக்கும் ஆள் அனுப்பிப் பொட்டலங்களைப் புரட்டிப் பார்க்க வேண்டும். யாரிடமிருந்து வந்தது என்று அடையாளம் காட்ட இயலாத பண்டத்துக்கும் மொத்த வணிகரே பொறுப்பு என்று 27-ஆம் பிரிவு கூறுகிறது. அடுத்து யாரிடம் சென்றது என்பதையும் எழுதிவைக்க, அவரது பட்டியலில் கூடுதலாகத் தேவைப்படுவது ஒரே ஒரு கட்டம்.